துண்டுக்குக் கீழே ஓடிய குதிரை

அலர்மேல்மங்கையின் கைகள் ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. வெந்நீரில் முக்கி எடுத்த குழாய் இளகியிருந்தது. ஆனால் வார்டு கத்தரிக்கோல் மொட்டை. அறுத்து அறுத்துப் பார்த்துவிட்டு, குழாயை மேஜை விளிம்பில் வைத்து, சவரக் கத்தித் துண்டால் ஒரே இழுப்பில் வெட்டினாள். வெட்டிய முனையை ஸ்டெதஸ்கோப்பின் உலோகக் காலில் ஏற்றித் திருகினாள். விரல் நுனி சிவந்துவிட்டது. இன்னொரு காலுக்கும் அதே அளவில் ஒன்று.

மற்ற டாக்டர்களின் குழாய் நீளம். கழுத்தில் மாலை போலத் தொங்கும், பார்க்க அழகாக இருக்கும். அவளுடையது குட்டை. காதில் மாட்டினால் நோயாளியின் மேல் குனிந்தே ஆக வேண்டும். குழாய் நீள நீள அடித்தொண்டைச் சத்தமெல்லாம் வழியிலேயே செத்துப்போகும் என்பது அவள் கட்சி. அதனால் குழாய் இறுகும் போதெல்லாம் தானே மாற்றிக்கொள்வாள். "நோயாளி மடியிலேயே உக்காந்துடுவே போலிருக்கே, அலமேலு" என்று பெரிய டாக்டர் சுந்தரராமன் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். அவளுக்கு இரண்டு கோபம். ஒன்று, கேலி. இன்னொன்று, அவள் பெயர் அலமேலு இல்லை. அலர்மேல்மங்கை. அப்பா மைசூர் சர்க்காரில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்தவர், பெயர் வைக்கும்போது முழுதாகத்தான் வைத்தார்.

அது ஐம்பத்தாறாம் வருஷம். கண்டோன்மென்ட் பக்கத்தில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் அவள் ஏழெட்டு வருஷமாக உதவி டாக்டர். மெட்ராஸில் படித்தவள். மல்லேஸ்வரத்தில் அண்ணன் சேஷகிரி வீட்டில் இருந்து பஸ் பிடித்து வருவாள். கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது. மருத்துவத்தில் அவளுக்குப் பிடித்தது இதயம். ஆனால் ஆஸ்பத்திரி அவளுக்குக் கொடுத்தது பிரசவ வார்டில் தையல் பிரிப்பதும், குழந்தைகளுக்கு எடை போடுவதும். "லேடி டாக்டர்" என்றால் இடுப்புக்குக் கீழே என்று யாரோ கோடு கிழித்திருந்தார்கள். நெஞ்சு முழுக்கப் பெரிய டாக்டருடையது.

அந்த நெஞ்சின் மேல்தான் துண்டு இருந்தது.

பெண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் மடித்த டர்க்கித் துண்டு ஒன்று வைத்திருப்பார்கள். ஆண் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் நர்ஸ் அதை எடுத்து நோயாளியின் மார்பில் விரிப்பாள். டாக்டர் துண்டுக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். சில வருஷங்களுக்கு முன்பு, சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் ஒருவர், தன் மனைவியின் ரவிக்கைக்குள் கை வைத்தார் என்று சொல்லி வார்டு நடுவிலேயே சுந்தரராமனின் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. போலீஸ் வேண்டாம், துண்டு போதும் என்று முடிவானது. அன்றிலிருந்து இந்த வழக்கம். நோயாளிகளுக்கும் பிடித்துப்போயிற்று, கூட வந்த மாமியார்களுக்கு இன்னும் அதிகம் பிடித்தது. மரியாதையான ஆஸ்பத்திரி என்று பெயர் வந்தது.

டர்க்கித் துண்டுக்கு மேலே லப், டப் கேட்கும். அதைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் கேட்காது. போன வருஷம் ஜகதாம்பாள் என்று ஓர் அம்மாள் பலவீனம் என்று வந்தாள். பெரிய டாக்டர் துண்டுக்கு மேலே கேட்டு, நெஞ்சு சுத்தம் என்று எழுதி, சலைன் ஏற்றச் சொன்னார். மறுநாள் நுரை கக்கிச் செத்துப்போனாள். அலர்மேல்மங்கை அப்போது அடுத்த அறையில் ஒரு குழந்தைக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது குழாயை ஏற்றி முடித்தபோது வார்டு சிஸ்டர் மௌரீன் கதவில் வந்து நின்றாள். தூக்கிக் கட்டிய தொப்பி, வியர்த்த மூக்கு.

"டாக்டர், ப்ளட் பாட்டில் ஏத்தணும். ஆனா அந்தப் பொண்ணு ஃப்ளாட்டா படுக்கவே மாட்டேங்குறா. படுத்தா இருமுறா. எப்படி மேன் நான் ஊசி போடுறது?"

"பெரிய டாக்டரக் கூப்பிடறதுதானே?"

"அவர் டவுன்ஹால் மீட்டிங். ஈவ்னிங்தான் வருவாராம். ப்ளட் நாலு மணிக்கு ஏத்தணும்னு எழுதியிருக்கார்."

"எந்தப் பொண்ணு?"

"பிரிஜெட். விவேக் நகர். டெலிவரி ஆகி அஞ்சு வாரம் ஆச்சு."

அலர்மேல்மங்கை குட்டைக் குழாயைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பிரிஜெட்டுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மூன்றாவது குழந்தை. கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் இட்டிலி மாவு மாதிரி உப்பியிருந்தன. பக்கத்தில் மாமியார் அல்போன்சா. மடியில் தூக்குப் பாத்திரம். அதைத் திறந்ததும் கருவாட்டு வாசனை வார்டு முழுக்கப் போயிற்று.

"என்ன இது?"

"சுறாக் கருவாடும்மா. பால் ஊறணும்ல. ரெண்டு வேளையும் இதான் குடுக்கிறேன். இந்தக் குட்டி சும்னே சோந்து சோந்து படுக்குது."

"ரெண்டு வேளையும்?"

"மூணு வேளையும் குடுப்பேன். அதான் திங்க மாட்டேங்குதே."

அலர்மேல்மங்கை பாத்திரத்தை வாங்கி, மூடி, மௌரீன் கையில் கொடுத்தாள். "வெளில வையுங்கோ. இந்தப் பொண்ணுக்கு இனிமே உப்பு ஒரு கல் கூடப் போகக்கூடாது."

"ஐயோ, பிள்ளை பெத்தவளுக்கு உப்பில்லாமயா? என்னா டாக்டரம்மா நீங்க!"

"வெளில போங்கோன்னு உங்களையும் சொல்ல வேண்டியிருக்கும்."

அல்போன்சா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"என்னம்மா பண்றது உனக்கு?" என்று அலர்மேல்மங்கை பிரிஜெட்டைக் கேட்டாள்.

"பஸ்ஸுக்கு ஓடுன மாதிரியே இருக்கு டாக்டர். நான் எங்கயும் ஓடல. படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்குறாங்க."

கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. இங்கேயே அவளுக்கு முதல் உறுத்தல். கேஸ் ஷீட்டில் ரத்தசோகை என்று எழுதியிருந்தது, ரத்தம் குறைவு என்பதும் உண்மைதான், இமையை இறக்கினால் வெளுப்பு தெரிந்தது. வெறும் ரத்தசோகையால் இதயம் இப்படி அடித்துக்கொண்டால் கை வெதுவெதுப்பாக இருக்கும், நாடி துள்ளும். இவள் நாடியோ நூல் மாதிரி ஓடியது, நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்குப் பக்கம். கழுத்து நரம்பு, உட்கார்ந்திருக்கும்போதே காதுமடல் வரை புடைத்து நின்றது. முதுகில் அடிப்பக்கம் கேட்டால் ஈர விறகு எரிகிற மாதிரி பொரிந்தது.

"இடது பக்கமா ஒருக்களிச்சுச் சாஞ்சுக்கோ. தலையணைய நான் வைக்கிறேன். முழுசாப் படுக்க வேண்டாம்."

அல்போன்சா துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அதெல்லாம் வேண்டாம், நானும் பொம்பளைதாம்மா, எனக்கு எதுக்கு அது?"

"யாராச்சும் வந்துட்டா?"

"வந்தா நீங்க வாசல்ல நின்னு கத்துங்கோ."

ரவிக்கையை விலக்கி, விரலால் இதயத் துடிப்பின் முனையைத் தேடினாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இடது பக்கம் விலகி, அக்குளை நோக்கிப் போயிருந்தது. இதயம் வீங்கியிருக்கிறது. அந்த முனையில் ஸ்டெதஸ்கோப்பின் பெல் முகத்தை, கிண்ணம் போன்ற அந்தப் பக்கத்தை, தோலில் பட்டும் படாமலும் வைத்தாள். அழுத்தினால் தோல் முரசு மாதிரி இழுபட்டுத் தாழ்ந்த சத்தத்தை விழுங்கிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

சாதாரண இதயத்தில் இரண்டு சத்தம், பிறகு மௌனம். இங்கே மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று இருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, மெத்தைக்கு அடியில் யாரோ கட்டைவிரலால் இடிப்பது போல. லப்-டப்-தும், லப்-டப்-தும், லப்-டப்-தும். ரஸ்ஸல் மார்க்கெட் வாசலில் சாட்டை பட்ட ஜட்கா குதிரை கிளம்பி ஓடும்போது குளம்பு விழும், அதே மூன்று தட்டு.

பெல்லை லேசாக அழுத்தினாள். தும் மறைந்தது. தளர்த்தினாள். திரும்ப வந்தது.

இப்படி ஒரு மூன்றாவது சத்தம் கேட்டவுடன் வியாதி என்று குதிக்கக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதுக்காரர்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, நல்ல இதயத்திலேயே அது கேட்கும். ரத்தம் வேகமாக அறைக்குள் இறங்கிச் சுவரில் முட்டுகிற சத்தம், அவ்வளவுதான். உட்கார வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவள் பிரிஜெட்டை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கொஞ்சம் பொறுத்தாள். திரும்பக் குனிந்து கேட்டாள்.

குதிரை நிற்கவில்லை.

அடுத்து அவள் செய்தது எல்லாரும் செய்யக்கூடிய காரியம் இல்லை. இதயம் இவ்வளவு வேகமாக அடிக்கும்போது நடுவில் இடமே இருக்காது. மூன்றாவது சத்தமும், அடுத்த துடிப்புக்குச் சற்று முன்னால் வரக்கூடிய நான்காவது சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே இடியாகக் கேட்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இதயத்தைக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும். மறுபடி இடப்பக்கம் சாய்த்து, இடது கையால் பெல்லைப் பிடித்தபடி, வலது கை விரல்களால் தாடைக்குக் கீழே கழுத்து நாடியின் ஒரு பக்கத்தை மட்டும் மெல்லத் தேய்த்தாள். சில நொடிகள்தான்.

துடிப்பு தள்ளாடி, தயங்கி, மெதுவானது. அந்தச் சில துடிப்புகளுக்கு இடையில் இடி இரண்டாக உடைந்தது. டப்புக்குப் பின்னால் ஒன்று. லப்புக்கு முன்னால் ஒன்று. நான்கு குளம்புச் சத்தமும் தனித்தனியாக.

கையை எடுத்துவிட்டாள். குதிரை மறுபடி பாய்ந்தது.

மூன்றாவதை வயது என்று தள்ளலாம். நான்காவதை இந்த வயதில் எதில் தள்ளுவது? அது விறைத்துப்போன அறைக்குள் மேலறை கடைசி ரத்தத்தை முட்டித் தள்ளுகிற சத்தம். பிரசவத்துக்குப் பிறகு இதயத் தசையே நைந்து வீங்கிப்போகிற பெண்களைப் பற்றி அவள் படித்திருந்தாள். இதோ ஒருத்தி. உள்ளே வந்ததை வெளியே தள்ள முடியாமல் திணறுகிற இதயம். அதற்குள்ளே இன்னும் ஒரு பாட்டில் ரத்தம் ஊற்ற உத்தரவு.

"சிஸ்டர், பாட்டிலை ஃப்ரிட்ஜில திருப்பி வையுங்கோ."

"டாக்டர், ஆர்டர் பெரிய டாக்டரோடது."

"நிறுத்தற ஆர்டர் என்னோடது. எழுதித் தரேன். தலைமாட்டை உயர்த்துங்கோ, கால் தொங்கட்டும். ஆக்ஸிஜன். நீர் இறங்கறதுக்கு மெர்சலில் ஊசி ஒண்ணு. இதயத்துக்கு டிஜாக்சின் நானே கொடுக்கிறேன்."

மௌரீன் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றினாள். "என் வேலை போனா உங்க வீட்ல சமையல்காரியா வருவேன், சொல்லிட்டேன்."

"சமையல் தெரியுமா உனக்கு?"

"ஸ்ட்யூ மட்டும்."

பாட்டில் வார்டு வாசலைத் தாண்டுவதற்குள் பிரிஜெட்டின் கணவன் ஓஸ்வால்ட் எதிரே வந்துவிட்டான். தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து காக்கி உடுப்போடு நேராக வந்திருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. காலையில் ரத்தம் கொடுத்தவன் அவன்தான்.

"சிஸ்டர், அது என் ரத்தம். எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"டாக்டரம்மாவக் கேளு."

அவன் வந்த வேகத்தில் கட்டில் அதிர்ந்தது. "ஏம்மா, என் ரத்தம் என் பொண்டாட்டிக்கு ஆகாதா? குரூப் எல்லாம் பாத்துட்டுத்தானே எடுத்தாங்க? பெரிய டாக்டர் குடுக்கச் சொன்னாரு. நீங்க யாரு வேணாம்ங்கறது?"

"உன் ரத்தம் நல்ல ரத்தம்தான். அவளுக்குத்தான் இப்போ அது விஷம்."

"வெஷமா?" அவன் முகம் ரத்தமாகச் சிவந்தது. "எங்க அம்மா கொண்டாந்த சோத்தையும் வெளில வெச்சீங்களாம். பெரிய டாக்டர் இல்லாத நேரம் பாத்து பொம்பள டாக்டரு வெளையாடுறீங்களா?"

அவளுக்குக் கோபம் வந்தது. இவன் மேல் மட்டும் இல்லை, அந்தத் துணிக்கடைக்காரன் மேல், கமிட்டி மேல், மடித்து மடித்து வைத்திருந்த துண்டுகள் மேல். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ என்ன வேலை பாக்கறே?"

"ஃபிட்டர். அதுக்கு என்னா இப்ப?"

"பம்ப்பு பழுதாயிருக்கு, தொட்டி ரொம்பி வழியறது. இன்னும் ரெண்டு பக்கெட் மேல ஊத்துவியா, இல்ல பம்ப்பைப் பாப்பியா?"

அவன் முழங்கைப் பஞ்சை அழுத்திக்கொண்டான்.

"இவ காலைப் பாரு. அது தொட்டி வழிஞ்ச தண்ணி. நெஞ்சுக்குள்ளயும் அதே தண்ணி. இருமலுக்கு அதுதான் காரணம். முதல்ல தண்ணி இறங்கட்டும். உன் ரத்தம் ஃப்ரிட்ஜில பத்திரமா இருக்கும்."

"ஏங்க, சும்மா இருங்க" என்றாள் பிரிஜெட், மூச்சுக்கு நடுவில். "யாரும் இப்பிடி குனிஞ்சு கேட்டதில்ல."

ஓஸ்வால்ட் சுவரோரமாகப் போய் நின்றான். கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நின்றான்.

சுந்தரராமன் சாயங்காலம் வந்தார். டவுன்ஹாலில் போட்ட ரோஜா மாலையின் இதழ் ஒன்று கோட்டுக் காலரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் அறையில் காபியை டபராவில் ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"யாரையும் கேக்கலை சார். கேட்டுண்டிருந்தா பாட்டில் உள்ளே போயிருக்கும்."

"அலமேலு, அவளுக்கு ரத்தம் கம்மி. மூச்சு வாங்கறது, படபடப்பு, கால்வீக்கம், எல்லாம் அதுல வரும்."

"கை ஜில்லுன்னு இருக்கு சார். நாடி நூலாட்டம் ஓடறது. கழுத்து நரம்பு காதுமட்டும் நிக்கறது. குதிரை ஓடறாப்பல காலப் சத்தம் கேக்கறது."

"மூணாவது சத்தமா? சின்னப் பொண்ணு, பிள்ளை பெத்து அஞ்சு வாரம். அவளுக்குக் கேக்கலேன்னாத்தான் ஆச்சரியம். நீயே படிச்சிருப்பியே."

அவர் சொன்னது தப்பு இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. மனிதர் முட்டாளாக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். நல்ல ஆசிரியர்களிடம் படித்தவர், ஒருகாலத்தில் நல்ல காது இருந்தவர். அந்தக் காதைக் கொண்டுபோய் டர்க்கித் துண்டில் சுற்றி வைத்துவிட்டார்.

"உக்கார வெச்சும் போகலை சார். கழுத்துல அழுத்தி மெதுவாக்கினேன். ரெண்டாப் பிரிஞ்சுது. நாலாவதும் இருக்கு. அதுக்கு என்ன சொல்றேள்?"

காபி ஆற்றுவது நின்றது.

"நாலாவதா?"

"வாங்கோ. வந்து கேளுங்கோ."

"நான் காத்தாலே கேட்டேனே."

"துண்டைக் கேட்டேள்."

அறையில் இருந்த இன்னொரு டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சுந்தரராமனின் கை தன்னை அறியாமல் கன்னத்துக்குப் போயிற்று, பிறகு இறங்கியது. அவர் குரல் தாழ்ந்தது.

"நீ அறை வாங்கலை. பேசலாம்."

"நான் வாங்கலை. ஜகதாம்பாள் வாங்கினா."

"போதும்." அவர் எழுந்தார். "என் ஆர்டரை நிறுத்தினேன்னு கேஸ் ஷீட்ல எழுதிக் கையெழுத்துப் போடு. காத்தால அந்தப் பொண்ணு மோசமா இருந்தா, கமிட்டிக்கு முன்னாடி நீதான் நிக்கணும். மல்லேஸ்வரம் பஸ்ல திரும்பி வர வேண்டியிருக்காது."

அவள் எழுதினாள். பேனா நிப் காகிதத்தைக் கிழித்தது. நான்காவது சத்தம் என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். தான் சொன்னது தவறாகிப்போனால் வேலை போகும். அது பரவாயில்லை, சேஷகிரி சோறு போடுவான், கூடவே ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். ஆனால் இனி எந்தப் பெண்ணின் நெஞ்சையும் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் துண்டை விலக்கிக் கேட்கமாட்டார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அண்ணன் வீட்டுக்கு ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினாள். தங்கி என்ன செய்தாள் என்றால், மூத்திரம் அளந்தாள். அல்போன்சா உப்பில்லாத கஞ்சியைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, "இத நாய் கூட நக்காது" என்று முணுமுணுத்தபடியே மருமகளுக்கு ஊட்டினாள். ஊட்டினாள் அல்லவா, அது போதும். கைக்குழந்தைக்குப் பசும்பால் காய்ச்சிக் கொடுக்க ஏற்பாடாயிற்று.

மறுநாள் காலை அவள் முதலில் பார்த்தது கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தை. நிறைந்திருந்தது. முன்பே இரண்டு முறை கொட்டியாயிற்று. பிறகுதான் பிரிஜெட்டைப் பார்த்தாள். இரண்டே தலையணையில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது.

நாடி தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். குனிந்து கேட்டாள். குதிரை இன்னும் இருந்தது. ஒரே இரவில் போகக்கூடிய குதிரை இல்லை அது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகலாம், போகாமலே இருந்துவிடவும் கூடும். ஆனால் பாய்ச்சல் தணிந்திருந்தது. இதயம் மெதுவானதால், நேற்று கழுத்தை அழுத்திப் பிரிக்க வேண்டியிருந்த இரண்டு சத்தமும் இன்று தானாகவே பிரிந்து நின்றன.

சுந்தரராமன் ரவுண்ட்ஸ் வந்தார். கட்டிலருகில் நின்று, பாத்திரத்தைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், தூங்கி எழுந்த முகத்தைப் பார்த்தார். பழக்கத்தில் கை பின்னால் நீண்டது. துண்டு வரவில்லை.

"டவல் எங்கே?"

"இல்ல சார்" என்றாள் மௌரீன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அல்போன்சா எழுந்தாள். ஓஸ்வால்ட் வாசலில் நின்றிருந்தான். வார்டில் எல்லோரும் துணிக்கடைக்காரனின் கதையை அறிந்தவர்கள். சுந்தரராமன் ஓஸ்வால்டையே பார்த்தார். ஓஸ்வால்ட் ஒரு நொடி எதுவும் புரியாமல் நின்றான். பிறகு புரிந்தது.

"கேளுங்க சார்" என்றான். "நான் வெளில நிக்கறேன்." அம்மாவின் கையைப் பிடித்தான். "நீயும் வா."

அலர்மேல்மங்கை தன் ஸ்டெதஸ்கோப்பை நீட்டினாள். பிரிஜெட்டை இடப்பக்கம் சாய்த்தாள். குழாய் குட்டை என்பதால் அவர் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. முதலில் அழுத்தி வைத்தார். அவள் அவர் மணிக்கட்டை ஒரு விரலால் மேலே தூக்கினாள். அவர் முறைத்தார். பிறகு அப்படியே, தளர்த்தியே வைத்திருந்தார். கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார். அவருடைய சுண்டுவிரல் கட்டில் சட்டத்தில் மெல்ல, தன்னையறியாமல், நான்கு நான்காகத் தட்டியது.

நிமிர்ந்து, ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் ஷீட்டில் தன் கையெழுத்தில் "காலப் ரிதம், ரத்தம் ஏற்றுவது ஒத்திவைக்கப்பட்டது, டிஜாக்சின் தொடரவும்" என்று எழுதினார். ஏதோ தானே கண்டுபிடித்தது போல. அவள் பெயர் அதில் இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே தலைமாட்டில் கையை நீட்டினார், அங்கும் துண்டு இல்லை. ஒரு கணம் நின்றார். "அலர்மேல்மங்கை, இங்கே வாங்கோ. நீங்க முதல்ல கேளுங்கோ" என்றார்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவள் தன் அறைக்கு வந்தாள். மேஜைக்கு அடியில், பெண்கள் வார்டின் அத்தனை டர்க்கித் துண்டும் மூட்டையாகக் கிடந்தது. காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே தானே கட்டில் கட்டிலாகப் போய் எடுத்துவந்தது. உட்கார்ந்து, அதே மொட்டைக் கத்தரிக்கோலால், ஒவ்வொன்றையும் நாலாக வெட்டத் தொடங்கினாள். பிரசவ வார்டில் குழந்தைகளுக்கு இடுப்புத் துணி எப்போதும் பற்றாக்குறை.

மௌரீன் எட்டிப் பார்த்தாள். "ஜீஸஸ்! கமிட்டி கேட்டா என்ன டாக்டர் சொல்றது?"

"நான் வெட்டினேன்னு சொல்லு."

கத்தரிக்கோல் நூலில் மாட்டியது. இழுத்துக் கிழித்தாள்.